நன்றியுரை காலையிலேயே தொடங்குகிறது

கல்லூரித் துறைக் கருத்தரங்க அழைப்பிதழ் எதை எடுத்துப் பார்த்தாலும் நிகழ்ச்சி நிரலின் கடைசி இரண்டு வரிகள் ஒன்றுபோலவே இருக்கும்: நன்றியுரை, நாட்டுப்பண். வரவேற்புரைக்கு எதிரே துறைத்தலைவர் பெயர். தலைமையுரைக்கு முதல்வர். சிறப்புரைக்கு வெளியூரிலிருந்து வரும் பேராசிரியர். நன்றியுரைக்கு எதிரே மட்டும் பெரும்பாலும் ஒரு மாணவரின் பெயர், அதன் கீழே சிறிய எழுத்தில் "முதுகலை இரண்டாமாண்டு, மாணவ ஒருங்கிணைப்பாளர்" என்று. மேடைக்குப் புதிதான அந்த மாணவருக்குக் கிடைக்கும் அறிவுரையும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பயப்படாத, பேரை வாசிச்சுட்டு இறங்கிடு."

பெயரை வாசிப்பதுதான் வேலை என்பது உண்மை. ஆனால் எந்தப் பெயர், எந்த வரிசையில், எதற்காக என்பதில்தான் அந்த உரை நிற்கவும் விழவும் செய்கிறது. வரவேற்புரையை முந்தின இரவே முழுதாக எழுதி வைத்துவிடலாம். யார் வரப்போகிறார்கள் என்பது தெரிந்த சங்கதி. நன்றியுரை நடந்து முடிந்ததைப் பற்றியது. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் இடத்தில் யார் உட்கார்ந்தார்கள், எது கெட்டுப்போய் யாரால் சரியானது என்பதெல்லாம் மாலை நான்கு மணிக்குத்தான் முழுதாகத் தெரியும். அதனால் நல்ல நன்றியுரையைப் பேசுகிற மாணவர் அன்று காலையிலிருந்தே கையில் ஒரு குறிப்பேட்டோடு திரிகிறவராகத்தான் இருப்பார்.

இந்த வழக்கம் ஆங்கிலேயர் காலத்துக் கூட்ட நடைமுறையிலிருந்து நம் மேடைகளுக்கு வந்தது. அங்கே அது தீர்மானமாக வைக்கப்பட்டது. ஒருவர் நன்றியை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கூட்டம் கைதட்டி ஏற்கும். அந்தப் பழைய வடிவத்தை இன்றும் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பார்க்கலாம். குடியரசுத் தலைவர் உரைக்கும் ஆளுநர் உரைக்கும் நன்றி தெரிவிக்கும் தீர்மானம் முன்மொழியப்பட்டு, விவாதம் நடந்து, வாக்குக்கு விடப்படுகிறது. கல்லூரி மேடையில் வழிமொழிதல் உதிர்ந்துபோய்க் கைதட்டல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பேசுகிற மாணவர் தன் சொந்த நன்றியைச் சொல்ல அங்கே நிற்கவில்லை, அரங்கின் நன்றியைச் சொல்ல நிற்கிறார் என்பதற்கு அந்தக் கைதட்டல்தான் அடையாளம். எனவே ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் அரங்கம் கைதட்ட ஒரு மூச்சு இடம்விட வேண்டும். நிறுத்தாமல் பதினைந்து பெயரை ஓட்டிச் செல்கிற உரையில் கடைசிப் பெயருக்கு மட்டுமே கைதட்டல் கிடைக்கிறது. மற்ற பதினான்கு பேரும் அதைக் கவனிக்கத்தான் செய்கிறார்கள்.

விளக்கத்துக்காக ஒரு கருத்தரங்கை நாமே அமைத்துப் பார்க்கலாம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் அரசு கலை அறிவியல் கல்லூரி. வரலாற்றுத் துறை ஒருநாள் கருத்தரங்கம் நடத்துகிறது. பொருள், கல்வெட்டும் உள்ளூர் வரலாறும். காலையில் தொடக்க விழாவும் சிறப்புரையும், அதோடு கல்வெட்டைத் தாளில் படியெடுக்கும் செய்முறை விளக்கம். மதியத்துக்கு மேல் இரண்டு அறைகளில் கட்டுரை வாசிப்பு. நாலரை மணிக்கு நிறைவு. நன்றியுரை முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருவருக்கு.

அவர் முதலில் செய்ய வேண்டியது பட்டியல். பலரும் அழைப்பிதழைப் பார்த்தே பட்டியல் போடுகிறார்கள். அழைப்பிதழில் மேடை ஏறுகிறவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். அதை மட்டும் நம்பினால் நாளை உண்மையில் நடத்தியவர்களில் பாதிப்பேர் விடுபட்டுப்போவார்கள். இதைவிட நல்ல மூலம் துறையின் செலவுக் கணக்கு. சாப்பாடு, தேநீர், பதாகை, ஒலிபெருக்கி, கோப்பு, வண்டி வாடகை என்று அதில் ஓடும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார். அடுத்தது அனுமதிக் கடிதங்களின் கோப்பு. அரங்கம் கேட்டு எழுதிய கடிதம், மதிய அமர்வுக்கு அறை தரச் சொல்லிப் பக்கத்துத் துறைக்கு எழுதிய கடிதம், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை அனுப்பக் கேட்ட கடிதம். இந்த இரண்டு கோப்புகளையும் அழைப்பிதழோடு சேர்த்து வைத்தால் பட்டியல் ஏறத்தாழ நிறைந்துவிடும்.

ஏறத்தாழதான். செலவே ஆகாமல், கடிதமும் இல்லாமல் நடந்த உதவிகள் எந்தக் கோப்பிலும் இருக்காது. நம் கருத்தரங்கில் படியெடுத்துக் காட்ட எழுத்து வெட்டிய கல் ஒன்று தேவைப்பட்டது. பழைய கல்வெட்டைப் பெயர்த்து எடுத்துவர முடியாது, கூடவும் கூடாது. ஊரில் இருக்கும் கல்தச்சர் ஒருவர் தன் பட்டறையில் இருந்த பலகைக்கல்லில் நான்கு வரி வெட்டி, காசு வாங்காமல் இரவல் தந்தார். ஆய்வகமே இல்லாத வரலாற்றுத் துறைக்கு வேதியியல் ஆய்வக உதவியாளர் அந்தக் கல்லைத் தாங்க ஓர் இரும்பு மேசை கொண்டுவந்து போட்டார். இந்த இரண்டு பேரும் பட்டியலில் ஏற வேண்டுமென்றால், முந்தின நாள் ஒருமுறையும் அன்று மதியம் ஒருமுறையும் துறை ஆசிரியர்களையும் பொறுப்பு மாணவர்களையும் நேரில் கேட்க வேண்டும்: "அழைப்பிதழில் இல்லாத யாரெல்லாம் நமக்கு உதவினார்கள்?"

பட்டியல் வந்ததும் பெயர்களைச் சரிபார்க்க வேண்டும். மேடையில் நடக்கும் மனக்கசப்புகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. முன்னெழுத்து மாறிவிடுகிறது. முனைவர் பட்டம் பெற்றவருக்கு அது விடுபடுகிறது. பெறாதவருக்குச் சேர்த்துச் சொல்லப்பட்டு அவர் கூசிப்போகிறார். இணைப் பேராசிரியர் உதவிப் பேராசிரியராகிவிடுகிறார். ஓய்வு பெற்றவரைப் பழைய பதவியோடு சொல்லும்போது 'மேனாள்' என்ற சொல் நழுவிவிடுகிறது. அழைப்பிதழில் அச்சானதுதான் சரி என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. அது இரண்டு வாரத்துக்கு முன் அச்சானது. சிறப்பு விருந்தினர் வந்து அமர்ந்ததும், அவரை அழைத்து வந்த ஆசிரியரிடமோ அவரிடமே நேரிலோ கேட்டு எழுதிக்கொள்வதில் தவறே இல்லை. "ஐயா, நன்றியுரையில் உங்கள் பெயரை எப்படிச் சொல்லட்டும்?" என்று ஒரு மாணவர் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

துணைப் பணியாளர்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அவர்களைக் கல்லூரியே செல்லப் பெயரில்தான் கூப்பிடும். முழுப் பெயர் யாருக்கும் தெரியாது. நம் மாணவி மின்பணியாளரிடம் போகிறார்.

"அண்ணா, சாயங்காலம் மேடையில உங்க பேரைச் சொல்லணும். முழுப் பேரு என்ன?"

"எனக்கு எதுக்கும்மா? ஆபீஸ் ஸ்டாஃப் எல்லாருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லிடு, போதும்."

"இல்லண்ணா, பேரோடதான் சொல்லப்போறேன். சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

பெயரை எழுதிக்கொண்டபின் ஒருமுறை அவரிடமே வாசித்துக் காட்டிவிட வேண்டும். மைக்கில் முதன்முறையாகச் சொல்லும்போது நாக்குத் தடுமாறுகிற பெயரைக் குறிப்பேட்டில் பிரித்து எழுதிவைப்பது உதவும்.

அடுத்தது வரிசை. கல்லூரிக்குக் கல்லூரி இதில் வழக்கம் மாறும். பொதுவாக வெளியிலிருந்து வந்த விருந்தினர் முதலில், அதன்பின் முதல்வர், நிதி தந்த அமைப்பு, துறைத்தலைவர், துறை ஆசிரியர்கள், பிற துறையினர், அலுவலகத்தார், பணியாளர்கள், கட்டுரை வாசித்தவர்கள், பங்கேற்பாளர்கள், மாணவர்கள் என்று போகும். தனியார் கல்லூரிகளில் தாளாளரும் செயலரும் எல்லாருக்கும் முன்னால் வருவார்கள். எது அந்தக் கல்லூரியின் வழக்கம் என்று துறைத்தலைவரைக் கேட்டு முடிவு செய்துவிட்டால், அதன்பின் வரிசையைப் பற்றிக் கவலையில்லை. நிதிநல்கை இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம், இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் போன்றவை கருத்தரங்குகளுக்கு நிதி தருகின்றன. அமைப்பின் பெயரைச் சுருக்காமல், ஒரு சொல்லும் மாறாமல் முழுதாகச் சொல்ல வேண்டிய இடம் அது.

அரசுக் கல்லூரிகளில் அடிக்கடி காயப்படுகிற ஒரு கூட்டம் உண்டு: கௌரவ விரிவுரையாளர்கள். நிரந்தரப் பணியிடங்கள் நிரம்பாத துறைகளில் பாதிப் பாடங்களை நடத்துவது அவர்கள்தான். கருத்தரங்க வேலையில் ஓடியாடுவதும் அவர்கள்தான். அழைப்பிதழில் அவர்கள் பெயர் சில இடங்களில் கடைசியில் வரும், சில இடங்களில் வருவதே இல்லை. நன்றியுரையில் "துறைப் பேராசிரியர்கள் அனைவருக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, நிரந்தர ஆசிரியர்களின் பெயர்களை மட்டும் தனியே வாசித்தால் அந்த வேற்றுமை அரங்கம் முழுவதற்கும் தெரியும். ஒன்று, எல்லார் பெயரையும் சொல்ல வேண்டும். அல்லது யார் பெயரையும் சொல்லாமல் துறையைச் சொல்ல வேண்டும். மாணவர் கையில் இருக்கும் மிகச் சிறிய அதிகாரம் இது. அதை நியாயமாகப் பயன்படுத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இனி உரையின் உடல். முந்தின இரவு எழுதும்போதே இரண்டு மூன்று இடங்களை வெற்றிடமாக விட்டுவிட வேண்டும். முதல் வெற்றிடம் சிறப்புரையாளருக்கானது. "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி, அரிய கருத்துகளை வழங்கிச் சிறப்பித்த" என்ற வரி எந்தப் பேச்சாளருக்கும் பொருந்தும். பேச்சாளர் வராமலே போயிருந்தாலும் பொருந்தும். அதுதான் அதன் குறை. அந்த இடத்தில் அவர் பேச்சிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்து வைக்க வேண்டும்.

நம் கருத்தரங்கில் காலையில் நடந்தது இது. பேச்சாளர் கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினார். நனைத்த தடித்த தாளை அதன்மேல் விரித்தார். கட்டையான தூரிகையால் ஓரத்திலிருந்து ஓரம்வரை பொறுமையாக அடித்துக்கொண்டே போனார். எழுத்துக் குழிகளுக்குள் தாள் இறங்கும்வரை அடி நிற்கவில்லை. தாள் சற்று உலர்ந்ததும் மை தோய்த்த ஒற்றியால் மேலே ஒற்றினார். மேடான இடமெல்லாம் கருப்பாகி, குழிக்குள் இருந்த எழுத்துகள் மட்டும் வெள்ளையாக எழுந்து நின்றன. முன்வரிசை மாணவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். தாளில் தெரியும் கோடு எழுத்தா, கல்லின் கீறலா என்று ஒரு மாணவர் கேட்டபோது, சந்தேகம் வந்தால் படியை வைத்து முடிவு செய்யக்கூடாது, மறுபடி கல்லிடம் போக வேண்டும் என்று அவர் விடை சொன்னார்.

மாணவி குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டியது அந்த ஒரு விடையை மட்டும். ஒன்றரை மணி நேரப் பேச்சைச் சுருக்கிச் சொல்ல முயன்றால் நன்றியுரை இன்னொரு சிறப்புரையாகிவிடும். ஏற்கெனவே கேட்டதை மறுபடி கேட்க மாலை நேரத்தில் யாருக்கும் தெம்பிருக்காது; பேச்சாளருக்கும் தன் கருத்து மூன்று வரியில் கோணலாகத் திரும்பி வருவதைக் கேட்க இனிக்காது. ஒரே ஒரு கணத்தை நினைவூட்டினால் முழுப்பேச்சும் கேட்டவர் மனத்தில் தானே வந்துவிடும்.

மற்ற வெற்றிடங்கள் அன்றைய மாற்றங்களுக்கு. நம் கருத்தரங்கில் இரண்டு மாற்றங்கள். இரண்டாம் அறையின் அமர்வுத் தலைவர் உடல்நலமின்றி வரவில்லை. துறையின் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் கடைசி நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பது கட்டுரைகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் கருத்துச் சொன்னார். மதியம் இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. மின்பணியாளர் பதினைந்து நிமிடத்தில் மின்னாக்கியை ஓடவிட்டு, அதுவரை திரை இல்லாமலே நடந்துகொண்டிருந்த அமர்வைக் காப்பாற்றினார். முந்தின இரவு எழுதிய தாளை அப்படியே வாசித்தால் என்ன ஆகும்? வராதவருக்கு "திறம்பட அமர்வை நடத்தியமைக்கு" நன்றி போகும். நடத்தியவர் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். இப்படி நடந்த மேடைகள் உண்டு. நான்கு மணிக்குக் குறிப்பேட்டையும் உரைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வந்தார், செய்தார் என்று குறியிட்டுப் பார்த்தால் இந்தத் தவறு நேராது. வராதவர் தன் உரைப்படத்தையோ குறிப்பையோ அனுப்பியிருந்தால் அதற்கு நன்றி சொல்லலாம். ஒன்றும் அனுப்பவில்லை என்றால் அவர் பெயரை எடுக்காமல் விடுவதே மரியாதை. அவர் வராததை மேடையில் அறிவிக்கத் தேவையில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருத்தரங்கம் தாமதமாவது வாடிக்கை. அந்தத் தாமதத்தின் சுமை முழுவதும் கடைசி உரையின் தலையில் விழுகிறது. தொடக்கத்தில் 55 வினாடி தமிழ்த்தாய் வாழ்த்தையும் முடிவில் 52 வினாடி நாட்டுப்பண்ணையும் யாரும் சுருக்க முடியாது. முதல்வரை, விருந்தினரைச் சுருக்கச் சொல்ல யாரும் துணிவதில்லை. எனவே தொகுப்பாளர் கையிலிருந்து "சீக்கிரம்" என்று எழுதிய துண்டுச்சீட்டு நன்றியுரை மாணவருக்குத்தான் வரும். நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடத்துக்கு 250 முதல் 300 சொற்கள் போதும். கைபேசியில் நேரம் வைத்துச் சத்தமாக ஒருமுறை பேசிப் பார்த்தால் தன் வேகம் தெரிந்துவிடும். எதை வெட்டலாம் என்பதை முன்கூட்டியே பென்சிலால் கோடிட்டு வைத்திருக்க வேண்டும். வெட்ட வேண்டியவை அடைமொழிகள், முன்னுரை, விளிப்பு. பெயர்களை வெட்டக்கூடாது. அவசரத்தில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அடைமொழிகளை விட மனமில்லாமல், கடைசியில் இருக்கும் பணியாளர் பெயர்களை விட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

விளிப்பிலேயே ஒரு நிமிடம் மிச்சமாகும். மேடையில் இருக்கும் ஆறு பேரையும் பெயர் சொல்லி விளித்துவிட்டு, அதே ஆறு பேருக்கும் மறுபடி பெயர் சொல்லி நன்றி சொல்வது இரட்டை வேலை. "அனைவருக்கும் வணக்கம்" போதும். திருக்குறளின் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்திலிருந்து ஒரு குறளோடு தொடங்குவதும் பழகிய தடம். அந்தப் பத்துக் குறள்களில் இரண்டு மூன்றைத்தான் எல்லா மேடைகளும் மாறி மாறிச் சொல்கின்றன. அன்றைய நாளில் நடந்த ஒன்றோடு தொடங்குகிற உரைக்கு அரங்கம் நிமிர்ந்து உட்காரும்.

இன்னொரு சிக்கல் மொழி சார்ந்தது. தமிழில் வினை கடைசியில் வருவதால், கவனிக்காமல் எழுதினால் ஒவ்வொரு வாக்கியமும் "மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றே முடியும். பதினான்கு முறை கேட்டபின் அந்தச் சொற்கள் காதில் விழுவதே இல்லை. இதற்கு வழி, செய்த செயலை முதலில் சொல்லிப் பெயரைப் பின்னால் வைப்பது. செயலைச் சொல்லும்போதே அரங்கம் யாரென்று ஊகித்துவிடும். பெயர் வரும்போது கைதட்டல் தயாராக இருக்கும். ஒருவரைப் பற்றிய வாக்கியம் "செய்தார்" என்று முடியலாம். அடுத்த வாக்கியத்தில் "அவருக்கு நம் நன்றி" என்றால் போதும். ஒரே வகையான உதவி செய்தவர்களைச் சேர்த்து ஒரே வினையில் முடிக்கலாம்.

இவ்வளவையும் சேர்த்து, நம் மாணவி நாலரை மணிக்குப் பேசுவது இப்படி இருக்கலாம். பெயர் வர வேண்டிய இடங்களில் இங்கே பொறுப்பு மட்டும் தரப்பட்டிருக்கிறது.

"அனைவருக்கும் வணக்கம். இன்று காலை இந்த மேடையில் ஒரு கல் இருந்தது. பதினோரு மணிக்கு அது வெறும் கல். பன்னிரண்டு மணிக்கு அதன் எழுத்துகளை நாம் தாளில் வாசித்தோம். அந்த ஒரு மணி நேரத்தை நமக்குத் தந்து, சந்தேகம் வந்தால் மறுபடி கல்லிடம் போ என்று சொல்லிக்கொடுத்த சிறப்புரையாளர் ஐயா அவர்களுக்கு நம் முதல் நன்றி.

கருத்தரங்குக்கு அனுமதி தந்ததோடு, காலை அமர்வு முழுவதும் நம்மோடு கீழே அமர்ந்து கேட்டார் நம் முதல்வர் அவர்கள். அவருக்கு நம் நன்றி. நான்கு மாதமாக இந்த நாளைத் திட்டமிட்டு, பொறுப்புகளை எங்கள் கையில் நம்பித் தந்த துறைத்தலைவர் அவர்களுக்கும், கட்டுரைகளைப் படித்துத் தேர்ந்தெடுத்த துறை ஆசிரியர்கள் ஏழு பேருக்கும் மாணவர்கள் அனைவரின் நன்றி. முதல் அறை அமர்வுக்குத் தலைமை ஏற்ற பேராசிரியர் அவர்களுக்கும், கடைசி நேரத்தில் கேட்டபோது மறுக்காமல் இரண்டாம் அறையில் ஒன்பது கட்டுரைகளையும் கேட்டுத் திருத்தம் சொன்ன எங்கள் ஆசிரியை அவர்களுக்கும் நன்றி.

அந்தக் கல்லை வெட்டித் தந்தவர் நம் ஊர்க் கல்தச்சர். அவர் இங்கே வந்திருக்கிறார். அதைத் தாங்கிய மேசையைத் தந்தவர் வேதியியல் ஆய்வக உதவியாளர். இரண்டு மணிக்கு விளக்கு அணைந்தது. பதினைந்து நிமிடத்தில் எரிந்தது. அது நம் மின்பணியாளர் அண்ணன் செய்தது. காலை ஏழு மணிக்கு இந்த அரங்கைக் கூட்டித் துடைத்தவர்கள் இரண்டு அக்காக்கள். இவர்கள் எல்லாருக்கும் நம் நன்றி.

ஐந்து மாவட்டங்களிலிருந்து வந்து கட்டுரை வாசித்தவர்களுக்கும், கேள்வி கேட்டவர்களுக்கும், உணவுக்கூடத்தில் கடைசியாகச் சாப்பிட்ட பொறுப்பு மாணவர்களுக்கும் நன்றி. வணக்கம்."

இது 160 சொற்களுக்குச் சற்றே குறைவு. பெயர்களும் பட்டங்களும் சேர்ந்து, கைதட்டலுக்கு இடமும் விட்டால் மூன்று நிமிடத்தைத் தொடும். அழைப்பிதழில் இருந்தவர்களுக்கு எவ்வளவு இடமோ, இல்லாதவர்களுக்கும் ஏறத்தாழ அவ்வளவு இடம் இருப்பதைக் கவனிக்கலாம். கல்தச்சர் அரங்கில் இருக்க வேண்டும் என்றால் அவரை முன்கூட்டியே அழைத்திருக்க வேண்டும். தூய்மைப் பணியாளர்களையும் மின்பணியாளரையும் நான்கேகாலுக்கு உள்ளே வந்து உட்காரச் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் வெளியே வேலையில் இருக்கும்போது உள்ளே சொல்லப்படும் நன்றி அவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை.

கேட்க ஆள் இருப்பதும் ஒரு பிரச்சினை. சான்றிதழை நன்றியுரைக்கு முன்பே வழங்கிவிட்டால், வாங்கியவர்கள் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். சான்றிதழை ஐந்து பேருக்கு மட்டும் அடையாளமாக மேடையில் வழங்கிவிட்டு, மற்றவர்களுக்கு நாட்டுப்பண்ணுக்குப் பின் வாசலில் மேசை போட்டுத் தருவது பல துறைகள் கண்டுபிடித்த வழி. விருந்தினருக்கு நான்கு மணிக்கு ரயில் என்றால் நன்றியுரையை முழுதாக முன்னால் இழுக்க வேண்டியதில்லை. அவருக்கான பத்தியை மட்டும் அவர் எழுமுன் பேசி அனுப்பிவிட்டு, மிச்சத்தைக் கடைசியில் பேசலாம்.

இவ்வளவு பார்த்தும் ஒரு பெயர் விடுபடலாம். "யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள்க" என்ற வரியைப் பலர் காப்பாகச் சேர்க்கிறார்கள். விடுபட்டவருக்கு அந்த வரி எந்த ஆறுதலும் தருவதில்லை. முன்வரிசையில் ஒரு நண்பரைப் பட்டியலோடு உட்கார வைத்து, சொல்லாமல் போன பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொல்வது பயன்படும். நாட்டுப்பண் தொடங்கும்வரை திருத்த நேரம் இருக்கிறது. "ஒரு முக்கியமான பெயரை இப்போது சொல்கிறேன்" என்று செயலோடு சேர்த்துச் சொன்னால், அது விடுபட்டதாகக்கூட யாருக்கும் தோன்றாது. நாட்டுப்பண்ணும் முடிந்துவிட்டது என்றால், அன்றே அவரிடம் நேரில் போக வேண்டும், துறைத்தலைவரையும் கூட்டிக்கொண்டு.

மேடையை விட்டு இறங்கிய பின்னும் அந்தப் பட்டியலுக்கு வேலை மீதமிருக்கிறது. சிறப்புரையாளர் வேறு கல்லூரியில் பணியில் இருப்பவர் என்றால், அங்கே கொடுக்க வருகைச் சான்று அவருக்குத் தேவை. அதில் முதல்வர் கையொப்பம் வாங்கி, பயணச் செலவுப் படிவத்தோடு அவர் வண்டி ஏறுமுன் கையில் தர வேண்டும். வாரத்துக்குள் எல்லாருக்கும் நன்றிக் கடிதம், நிழற்படத்தோடு. கல்தச்சருக்குக் கல்லைத் திருப்பித் தரும்போது, அதிலிருந்து எடுத்த படிகளில் ஒன்றையும் சேர்த்துத் தரலாம்; தான் வெட்டிய எழுத்தை அவர் தாளில் பார்த்திருக்க மாட்டார். குறியிட்ட பட்டியலைக் கருத்தரங்க அறிக்கையோடு துறைக் கோப்பில் வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு மேடை ஏறப்போகும் மாணவர், யாரிடம் மேசை கிடைக்கும், யாரிடம் மின்னாக்கிச் சாவி இருக்கும் என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்வார்.